அலை கணக்கை முந்தக் கூடாது

நேரான ஒரு கால்வாய். தண்ணீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சீராக ஓடுகிறது. தலைமடையில் கொஞ்சம் சாயத்தைக் கொட்டுகிறோம். 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலத்தடிக்கு அது எப்போது வந்து சேரும்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: 3,000 விநாடி, அதாவது 50 நிமிடம். சாயம் நீரில் பரவி மங்குவதை மறந்துவிட்டு, நீர் அதை அப்படியே சுமந்துகொண்டு போகிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் விடை அவ்வளவுதான்.

இதே கேள்வியைக் கணினியிடம் கேட்போம். கால்வாயை 100 மீட்டர் நீளக் கட்டங்களாக வெட்டி, 50 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு சாயம் இருக்கிறது என்று கணக்கிடச் சொல்லலாம். 50ஆவது நிமிடத்தில் சாயத்தின் நடுப்பகுதி சரியாகப் பாலத்தடியில் நிற்கும். ஆனால் ஒரே கட்டத்தில் அடங்கியிருந்த திட்டு அகன்று வழிந்து, அதன் உச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகிவிட்டிருக்கும். இது நமக்குப் பிடிக்கவில்லை. கட்டம் பெரிதாக இருப்பதால்தான் இப்படி ஆகிறது என்று நினைத்து, கட்டத்தை 25 மீட்டராகச் சிறிதாக்குகிறோம். மற்றதில் கைவைக்கவில்லை. மறுபடி ஓட்டுகிறோம்.

இப்போது வரும் விடையைப் பார்த்தால் தலை சுற்றும். சாயத்தின் அளவு ஒரு கட்டத்தில் எதிர்ம எண், அடுத்ததில் நேர் எண், அதற்கடுத்ததில் மீண்டும் எதிர்ம எண். படிக்குப் படி அவை பெருத்துக்கொண்டே போகும். சாயம் பாலத்தடிக்கு வந்திருக்க வேண்டிய 50ஆவது நிமிடத்தில், கால்வாயின் முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் 30 இலக்க எண்கள் நிற்கும். பாலத்தடியிலோ சுத்தமான சுழி. நிரலில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கணினியும் பழுதில்லை. கூடுதல் நுட்பம் தேடிப் போன இடத்தில் கணக்கு ஏன் வெடித்தது?

கணினி என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் இது புரிந்துவிடும். ஓடும் ஊடகம் ஒன்று எதையாவது உருமாற்றாமல் சுமந்து செல்வதை விவரிக்கும் சமன்பாட்டைச் சுமப்புச் சமன்பாடு என்று சொல்லலாம். ஆற்றில் சாயம், காற்றில் புகை, கடல் நீரோட்டத்தில் வெப்பம் எல்லாம் இதில் அடங்கும். கணினியால் தொடர்ச்சியான வெளியையும் காலத்தையும் கையாள முடியாது. அதனால் வெளியைக் கட்டங்களாகவும் காலத்தைப் படிகளாகவும் நறுக்கித் தருகிறோம். கட்டத்தின் நீளம் கட்ட இடைவெளி. இரண்டு கணக்கீடுகளுக்கு இடையிலான நேரம் காலப்படி. ஒவ்வொரு படியிலும், அதற்கு முந்தைய படியில் ஏற்கெனவே தெரிந்த எண்களை மட்டும் வைத்துப் புதிய எண்ணைக் கணக்கிட்டுவிட்டால் அது வெளிப்படை முறை. இருப்பதிலேயே எளியது இதுதான். எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை; கூட்டலும் பெருக்கலும் போதும்.

100 மீட்டர் கட்டத்தில் 50 விநாடிக்குள் நீர் அரைக் கட்டத் தூரம் நகர்கிறது. ஆகவே கட்டத்தில் உள்ள சாயத்தில் பாதி அடுத்த கட்டத்துக்குப் போகும், பாதி அங்கேயே நிற்கும். கட்டத்தின் புதிய அளவு என்பது தன்னுடையதில் பாதியும் மேல்மடைப் பக்கத்துக் கட்டத்தில் பாதியும் சேர்ந்தது. நீர் வரும் திசையில் இருக்கும் கட்டத்தைக் கேட்டு எழுதுவதால் இதை மேல்மடை முறை என்போம். முதல் கட்டத்தில் 100 அலகு சாயம் இருந்தால் அடுத்த படியில் 50, 50 ஆகும். அதற்கடுத்த படியில் 25, 50, 25. திட்டு அகலும் காரணம் இங்கேயே தெரிகிறது. பாதியில் நிற்கும் சாயத்தைக் கணினி இரண்டு கட்டங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. பங்கிட்டதைப் பிறகு ஒன்றுசேர்க்க அதனால் முடிவதில்லை.

ஒரு படியில் நீர் எத்தனை கட்டம் கடக்கிறது என்ற எண்ணுக்குக் கூரான்ட் எண் என்று பெயர். வேகத்தைக் காலப்படியால் பெருக்கிக் கட்ட இடைவெளியால் வகுத்தால் அது கிடைக்கும். இங்கே அது 0.5. மேல்மடை முறையின் விதியைப் பொதுவாகச் சொன்னால், கூரான்ட் எண் அளவுள்ள பங்கு அடுத்த கட்டத்துக்குப் போகிறது, மீதி நிற்கிறது. கட்டத்தை 25 மீட்டராக்கியதும் அந்த எண் 2 ஆகிவிட்டது. இப்போது விதி என்ன சொல்கிறது? 100 அலகு உள்ள கட்டத்திலிருந்து 200 அலகை எடுத்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பச் சொல்கிறது. இல்லாததை எடுத்ததால் பழைய கட்டத்தில் −100 எஞ்சுகிறது. இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். முதல் படியில் −100, 200. இரண்டாம் படியில் 100, −400, 400. மூன்றாம் படியில் −100, 600, −1200, 800. இந்த நான்கையும் கூட்டிப் பாருங்கள், 100தான் வரும். மொத்தச் சாயம் காணாமல் போகவில்லை. அதனால் மொத்தத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுத் திருப்தியடைகிறவர் ஏமாந்துபோவார்.

எண்கள் பெருப்பதைவிட முக்கியமான ஒன்று அதே வரிசையில் இருக்கிறது. மூன்று படிகளில், அதாவது 150 விநாடியில், உண்மையான சாயம் ஆறு கட்டம் தள்ளிப் போயிருக்க வேண்டும். நம் வரிசை மூன்று கட்டத்துக்கு மேல் போகவே இல்லை. அதற்கு அப்பால் உள்ள கட்டங்களில் எல்லாம் சுழி. பாலத்தடியில் சுழி நின்றதும் இதனால்தான். 60 படிகளில் சாயம் 120 கட்டம் போக வேண்டியிருக்க, கணக்கு 60 கட்டத்தோடு நின்றுவிட்டது.

ஒரு ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். ஒவ்வொரு நிலைய அதிகாரியிடமும் ஒரு பதிவேடு இருக்கிறது. குறித்த இடைவெளியில் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் ஏட்டில் எழுதுகிறார்கள். எழுதுவதற்கு முன் ஒருவர் பார்க்கக்கூடியவை இரண்டே இரண்டு: தன் ஏட்டின் கடைசி வரி, முந்தைய நிலையத்து ஏட்டின் கடைசி வரி. ரயில் மணிக்கு 60 கிலோமீட்டரில், அதாவது 10 நிமிடத்துக்கு ஒரு நிலையம் வீதம் வருகிறது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏடு எழுதினால் எந்த ரயிலும் கண்ணுக்குத் தப்பாது. இப்போது என் நிலையத்தில் இருக்கும் ரயில் 5 நிமிடத்துக்கு முன் எனக்கும் முந்தைய நிலையத்துக்கும் நடுவில் இருந்திருக்கும். அந்த இரண்டு ஏடுகளும் என் கையில் இருக்கின்றன. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் கதை வேறு. இப்போது என் நிலையத்தில் நிற்கும் ரயில் போன தடவை ஏடு எழுதியபோது இரண்டு நிலையங்களுக்கு அப்பால் இருந்தது. நான் பார்க்க அனுமதிக்கப்பட்ட இரண்டு ஏடுகளிலும் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினாலும், ரயில் வந்துவிட்டதை எழுத எனக்கு வழியில்லை.

நிபந்தனை இதுதான். ஒரு காலப்படிக்குள் அலை கடக்கும் தூரம், கணக்கு ஒரு படியில் எட்டிப் பார்க்கும் தூரத்தை மிஞ்சக் கூடாது. பக்கத்துக் கட்டத்தை மட்டும் பார்க்கும் முறைக்கு அந்தத் தூரம் ஒரு கட்டம். ஆகவே கூரான்ட் எண் 1ஐத் தாண்டக் கூடாது. 25 மீட்டர் கட்டத்துக்கு, விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில், காலப்படி 25 விநாடிக்குள் இருக்க வேண்டும். கட்டத்தைப் பாதியாக்கினால் காலப்படியையும் பாதியாக்க வேண்டும். கட்டத்தை மட்டும் சுருக்கியதுதான் நம் கணக்கு வெடித்ததற்குக் காரணம்.

இதை முதலில் நிறுவியவர்கள் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துக் கணிதர்கள் மூவர்: ரிச்சர்ட் கூரான்ட், குர்ட் ஃபிரெட்ரிக்ஸ், ஹன்ஸ் லெவி. அவர்களின் கட்டுரை 1928இல் ஒரு ஜெர்மன் கணித இதழில் வந்தது. அன்று மின்னணுக் கணினி என்ற பொருளே உலகத்தில் இல்லை. எதையும் எண்களில் கணக்கிட்டுப் பார்ப்பது அவர்கள் நோக்கமும் இல்லை. இயற்பியலில் வரும் சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டு என்று நிறுவ விரும்பினார்கள். அதற்காகத் தொடர்ச்சியான வெளியைக் கட்டங்களாக வெட்டி, கட்டங்களைச் சுருக்கிக்கொண்டே போனால் வரும் விடைகள் ஒரு தீர்வில் போய்க் குவிகின்றனவா என்று பார்த்தார்கள். அலைச் சமன்பாட்டில், காலப்படிக்கும் கட்ட இடைவெளிக்கும் உள்ள விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் அவை குவியாது என்று கண்டார்கள். பிற்காலத்தில் கணினிகள் வந்து, வெடிப்பலைகளையும் வானிலையையும் எண்களில் போடத் தொடங்கியபோது, கணிதர்களின் அந்த விளிம்புக் குறிப்பு பொறியாளர்களின் முதல் விதியாகிவிட்டது. மூவரின் பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு அதைச் சி.எஃப்.எல். நிபந்தனை என்கிறார்கள். 1967இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்விதழ் அந்தக் கட்டுரையை ஆங்கிலத்தில் மறுபடி வெளியிட்டது.

அவர்கள் வாதத்தின் அழகு, அதற்குச் சூத்திரமே தேவைப்படாததில் இருக்கிறது. பாலத்தடியில் 50ஆவது நிமிடத்தில் என்ன இருக்கும் என்பதைத் தொடக்கத்தில் தலைமடையில் இருந்த ஒரே ஒரு புள்ளி தீர்மானிக்கிறது. அந்தப் புள்ளியை உண்மைத் தீர்வின் சார்புப் பகுதி என்பார்கள். கணக்குக்கும் ஒரு சார்புப் பகுதி உண்டு. பாலத்தடியிலிருந்து படிப்படியாகப் பின்னோக்கிப் போய், எந்தெந்தத் தொடக்கக் கட்டங்களின் எண்கள் அந்த விடைக்குள் கலந்திருக்கின்றன என்று பார்த்தால் அது கிடைக்கும். கூரான்ட் எண் 2 என்றால் அந்தப் பகுதி பாலத்திலிருந்து மேல்மடை நோக்கி ஒன்றரைக் கிலோமீட்டர் வரைதான் நீளும். இப்போது யாரோ ஒருவர் தலைமடையில் சாயத்துக்குப் பதில் பாலைக் கொட்டிவிட்டார் என்று வையுங்கள். உண்மையில் 50ஆவது நிமிடம் பாலத்தடியில் பால் வரும். கணக்கின் விடையோ ஒரு தசமம்கூட மாறாது, ஏனென்றால் அது தலைமடையை எட்டிப் பார்க்கவே இல்லை. இரண்டு வேறு உண்மைகளுக்கு ஒரே விடை சொல்லும் கணக்கு இரண்டுக்கும் சரியாக இருக்க முடியாது. விகிதத்தை மாற்றாமல் கட்டத்தை ஒரு மீட்டராக்கினாலும், ஒரு சென்டிமீட்டராக்கினாலும், அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் வேலி நகராது.

விடை ஏன் தவறாகிறது என்பதை இது காட்டிவிட்டது. அது ஏன் 30 இலக்கம் வரை வீங்குகிறது என்பதை அறிய வேறு வழியில் போக வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லாஸ் அலமோஸில் ஜான் ஃபான் நாய்மன் வகுத்த வழி அது. எந்த வடிவத்தையும் பல அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம். ஒவ்வோர் அலையையும் தனியாக எடுத்து, ஒரு படியில் அது வளர்கிறதா தேய்கிறதா என்று கேட்டால் போதும். ஓர் அலை வளர்ந்தாலும் கணக்கு ஒருநாள் கெடும். மேல்மடை முறையில் மோசமான அலை எது என்றால், கட்டத்துக்குக் கட்டம் மாறிமாறி வரும் +1, −1, +1, −1 என்ற ரம்பப்பல் வரிசை. கட்டங்களால் காட்ட முடிந்த மிகக் குறுகிய அலை இதுதான். கூரான்ட் எண் 2 ஆக இருக்கும்போது +1 உள்ள கட்டத்தின் புதிய மதிப்பைப் போடுவோம். தன்னுடையதை −1ஆல் பெருக்கினால் −1. மேல்மடைக் கட்டத்தின் −1ஐ 2ஆல் பெருக்கினால் −2. கூட்டினால் −3. குறி மாறி, அளவு மும்மடங்காகிறது. அடுத்த படியில் ஒன்பது மடங்கு, அதற்கடுத்து 27. கூரான்ட் எண் 0.5 என்றால் அதே வரிசை பாதியும் பாதியுமாகக் கழிந்து சுழியாகிவிடும்.

எல்லையை லேசாக மீறினால் என்ன ஆகும் என்பதுதான் வேலை செய்கிறவர்களை அதிகம் ஏமாற்றுவது. கூரான்ட் எண் 1.25 என்று வைத்துக்கொள்வோம். ரம்பப்பல் வரிசை படிக்கு ஒன்றரை மடங்கு வளரும். தொடக்க வடிவம் மென்மையான மேடாக இருந்தால் அதில் ரம்பப்பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. முதல் ஐம்பது படிகள் படம் அழகாக நகரும். பார்ப்பவர் எல்லாம் சரி என்று எழுந்து போய்விடுவார். ஆனால் கணினி ஒவ்வோர் எண்ணையும் சுமார் 16 இலக்கத்தோடு வெட்டிச் சேமிக்கிறது. அந்த வெட்டில் விழும் துகள்களே ரம்பப்பல்லுக்கு விதை. 16ஆம் தசம இடத்தில் இருக்கும் பிழை, படிக்கு ஒன்றரை மடங்கு வளர்ந்து, சுமார் 90 படிகளில் 1 என்ற அளவை எட்டிவிடும். முதலில் வளைகோட்டில் மெல்லிய முட்கள் போலத் தெரியும், பத்துப் பன்னிரண்டு படிகளுக்குள் கோடே மறைந்துபோகும். வெடிப்பு தாமதமாக வந்ததால் அதற்குச் சற்று முன் சேர்த்த எதையோ சந்தேகித்து நாள் கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு.

மேல்மடை முறையில் இரண்டு வழிகளும் ஒரே எல்லையைச் சொல்கின்றன. எல்லா முறைக்கும் அப்படி என்று நினைத்துவிடக் கூடாது. மேல்மடை, கீழ்மடை இரண்டையும் சமமாகப் பார்த்து, அவற்றின் வித்தியாசத்திலிருந்து சரிவைக் கணக்கிடும் மைய முறை ஒன்று உண்டு. இரு பக்கமும் பார்ப்பதால் அது இன்னும் துல்லியமாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கூரான்ட் எண்ணை 0.5 என்று வைத்தால் அது சி.எஃப்.எல். நிபந்தனைக்கும் உட்படுகிறது. இருந்தும் நான்கு கட்ட நீளமுள்ள அலையை அது படிக்கு 12 சதவிகிதம் வளர்க்கிறது. நூறு படிகளில் அது சுமார் 70,000 மடங்கு. காலப்படியைக் குறைத்தால் வளர்ச்சி மெதுவாகும், நிற்காது. ஆகவே சி.எஃப்.எல். கட்டாயமான நிபந்தனை, ஆனால் போதுமான நிபந்தனை அல்ல. அதை மீறினால் தோல்வி நிச்சயம். அதை மதித்தால் வெற்றி நிச்சயம் என்று அது எங்கும் சொல்லவில்லை. மேல்மடை முறையைக்கூட ஓட்டம் திரும்பும் கழிமுகத்தில் அப்படியே விட்டால், ஓதம் ஏறும் நேரத்தில் அது கீழ்மடையைப் பார்க்கும் முறையாகிக் கவிழ்ந்துவிடும். ஓட்டத்தின் குறி மாறும்போது பார்க்கும் பக்கமும் மாற வேண்டும்.

அப்படியானால் பயமில்லாமல் காலப்படியை மிகச் சிறிதாக வைத்துவிடலாமே? கணக்கு வெடிக்காது, ஆனால் துல்லியமும் கூடாது. 100 மீட்டர் கட்டத்தில் கூரான்ட் எண் 0.5 என்றால், பாலத்தடிக்கு வரும்போது திட்டின் பரவல் இருபுறமும் சுமார் 390 மீட்டர். காலப்படியை ஐந்தில் ஒன்றாக்கி எண்ணை 0.1க்குக் கொண்டுவந்தால் பரவல் 520 மீட்டராகிறது, குறையவில்லை. எண்ணை 0.9க்கு உயர்த்தினால் வெறும் 170 மீட்டர். சரியாக 1 என்றால் ஒவ்வொரு படியிலும் சாயம் ஒரு கட்டம் முழுதாக நகரும்; பரவலே இல்லை, விடை உண்மையோடு ஒத்துப்போகும். காரணம் முன்பு பார்த்த பங்கீடுதான். படிகள் கூடக்கூடப் பங்கிடும் தடவைகளும் கூடுகின்றன. இயற்கையில் இல்லாத இந்தப் பரவலைக் கணக்கீட்டுப் பரவல் என்கிறார்கள். ஒரு தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று இந்த முறையில் கணக்கிட்டால், நீர்த்ததில் எவ்வளவு ஆற்றின் வேலை, எவ்வளவு கணக்கின் வேலை என்று பிரித்துப் பார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது. இந்த முறையைப் பொறுத்தவரை துல்லியமான இடம் எல்லைக்கு மிக அருகில்தான் இருக்கிறது.

நிபந்தனையில் எந்த வேகத்தைப் போடுவது என்பதும் தோன்றுவது போல எளிதல்ல. சாயத்தின் கணக்கில் நீரின் வேகமும் செய்தியின் வேகமும் ஒன்றே. கடல் அலையில் அப்படி இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியை எடுத்துக்கொள்வோம். நடுக்கடலில் அதன் உயரம் அரை மீட்டரைச் சற்றே தாண்டியதுதான். தற்செயலாக மேலே சென்ற ஜேசன்−1 செயற்கைக்கோள் அதை அளந்தது. அங்கே நீர் நகர்ந்த வேகம் விநாடிக்குச் சில சென்டிமீட்டர். ஆனால் அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்குச் சுமார் 200 மீட்டர், ஒரு விமானத்தின் வேகம். 4 கிலோமீட்டர் கட்டத்தில் நீரின் வேகத்தைப் போட்டால் காலப்படி ஒரு நாளுக்கு மேலேயே இருக்கலாம் என்று விடை வரும். அலையின் வேகத்தைப் போட்டால் 20 விநாடி. நீளத்திலும் அகலத்திலும் அலை ஓடுவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். சமன்பாட்டுக்குள் ஓடும் செய்திகளில் மிக வேகமானது எதுவோ அதுதான் கணக்கில் சேர வேண்டிய வேகம். அது நமக்கு வேண்டாத செய்தியாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை.

கரையோரக் கட்டங்களைத் திட்டமிடுவதும் இதை வைத்துத்தான். நாகப்பட்டினத்தில் எந்தத் தெரு மூழ்கும் என்று அறிய 100 மீட்டர் கட்டமாவது வேண்டும். கடல் முழுவதும் அதையே விரித்தால் ஆழ்கடல் அரை விநாடிப் படியைக் கேட்கும். கரையருகே ஆழம் 10 மீட்டர்தான். அங்கே அலையின் வேகம் விநாடிக்கு 10 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதனால் நுண்ணிய கட்டத்தைக் கரையில் மட்டும் பதித்தால் 10 விநாடிப் படி போதும். ஆழ்கடலில் பெரிய கட்டம், கரையில் சின்னக் கட்டம் என்று அடுக்கடுக்காகப் பதிக்கும் வழக்கம், கணினி நேரத்தைச் சேமிக்க இயற்கையே கொடுத்த சலுகை. ஒரே கட்ட அளவை எங்கும் பாதியாக்கினால், கட்டங்கள் நான்கு மடங்கும் படிகள் இரண்டு மடங்கும் கூடி, வேலை எட்டு மடங்காகும்.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு கதையைத் திருத்த வேண்டும். இங்கிலாந்தின் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், 1910 மே 20ஆம் தேதிய வானிலையைக் கையால் கணக்கிட்டு, 1922இல் தன் நூலில் வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அது ஏறக்குறைய அசையவில்லை. சி.எஃப்.எல். நிபந்தனை தெரியாததால் வந்த பிழை என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு. அவர் போட்டது ஒரே ஒரு படி. ரம்பப்பல் வளர அதில் நேரமே இல்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்றின் வேகமும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாததுதான் காரணம் என்று அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கை மறுபடி போட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் ரிச்சர்ட்சன் தொடர்ந்திருந்தால் நிபந்தனை அவரை விட்டிருக்காது. அவருடைய கட்டம் சுமார் 200 கிலோமீட்டர், படி மூன்று மணி நேரம். வளிமண்டலத்தின் வேகமான ஈர்ப்பலைகள் விநாடிக்குச் சுமார் 300 மீட்டர் ஓடுகின்றன. அவற்றுக்கு அந்தக் கட்டத்தில் 11 நிமிடப் படிதான் அனுமதி.

நிபந்தனையிலிருந்து தப்ப வழி இல்லையா என்றால் உண்டு, விலை கொடுத்து. அடுத்த படியின் எண்களை ஒன்றையொன்று சார்ந்தவையாக எழுதி எல்லாவற்றையும் ஒருசேர அவிழ்க்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு கட்டமும் மற்ற எல்லாக் கட்டத்தையும் பார்க்கிறது; எட்டாத தூரம் என்று ஒன்று இல்லை. ஆனால் படிக்குப் படி ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியை அவிழ்க்க வேண்டும். படி மிகப் பெரிதானால் விடை வெடிக்காமலே தவறாகப் போகும். இன்னொரு வழி, பக்கத்துக் கட்டம் என்ற கட்டுப்பாட்டையே விடுவது. இங்கே இப்போது இருக்கும் நீர் முந்தைய படியில் எங்கே இருந்தது என்று ஓட்டத்தோடு பின்னோக்கிப் போய், அது இரண்டு கட்டம் தள்ளியானாலும் ஐந்து கட்டம் தள்ளியானாலும் அங்கே இருந்த மதிப்பை எடுத்து வருவது. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் 1991இலிருந்து இந்த வகை முறையில்தான் தன் கணக்கை ஓட்டுகிறது. அப்போதும் 1928இன் வாதம் மீறப்படவில்லை. எட்டிப் பார்க்கும் தூரத்தை நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

நீரோட்டத்தையோ அலையையோ கணக்கிடும் நிரல் ஒன்றை நீங்கள் எழுத நேர்ந்தால், ஒவ்வொரு படியிலும் மிகப் பெரிய கூரான்ட் எண் எவ்வளவு என்று அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். வேகம் இடத்துக்கு இடம் மாறினால், மிக வேகமான ஒரே ஒரு கட்டம் மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். சராசரி எதையும் சொல்லாது. விடையில் கட்டத்துக்குக் கட்டம் குறி மாறும் ரம்பப்பல் தெரிந்தால், வேறு எதையும் தொடாமல் காலப்படியை மட்டும் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். மறைந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. மறையாவிட்டால் நீங்கள் தேர்ந்த முறையைச் சந்தேகியுங்கள். அதுவும் சரி என்றால், இயற்பியலைத் திரும்பப் பாருங்கள்.